கிராமத்துப் பெண் பிள்ளைகளின் பள்ளி இடைநிற்றல்: முறையியல் அத்தியாயத்தில் "ஏன் கலப்பு முறை?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எண்களின் குறையைப் பேட்டி நிரப்பும், பேட்டியின் குறையை எண்கள் நிரப்பும்" என்று எழுதினேன். நெறியாளர் போதாது என்கிறார். வேறு என்னதான் எழுதுவது?

அவர் சொல்வது சரிதான். அந்த வரியை அப்படியே வெட்டி மண்புழு உரம் பற்றிய ஆய்வில் ஒட்டலாம், டெங்கு பற்றிய ஆய்விலும் ஒட்டலாம். உங்கள் ஆய்வுக்கு மட்டும் பொருந்துகிற நியாயம் அதில் ஒன்றுமே இல்லை. 1989இல் கிரீன், காரசெல்லி, கிரஹாம் என்ற மூவர், எண்ணையும் பேட்டியையும் ஒரே ஆய்வில் சேர்க்கும் கலப்பு முறைக்கு ஐந்து நோக்கங்களைப் பிரித்துச் சொன்னார்கள். நம் மாணவர்கள் அந்த ஐந்தையும் வரிசையாக எழுதி "ஆகவே இந்த ஆய்வு கலப்பு முறையைப் பின்பற்றுகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். ஐந்தும் வேண்டாம், உங்களுக்கு எது வேண்டுமோ அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியது இதுதான்: என் கேள்வியைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் வழிவிடாமல் நிற்கிறது, அந்த இடத்தைத் தாண்ட பேச்சு எப்படி உதவும், பேச்சில் கிடைத்ததை மறுபடி எண்ணில் எங்கே கொண்டுபோய் வைப்பேன். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும்.

பேச வசதியாக ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டம், 15 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள், எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குத் தாண்டும் அந்த ஒரு படி. இந்தப் படியை எடுக்கக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காப்பு தருகிறது. பல ஊர்களில் நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் உயர்நிலைப்பள்ளிக்குப் போயாக வேண்டும். அரசு தரும் விலையில்லா சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. சட்டமும் பள்ளிக்கூடமும் ஒரே இடத்தில் கையை விடுகின்றன, சைக்கிள் வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

யார் நின்றார்கள் என்பது பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவான எமிஸ் பட்டியலிலேயே இருக்கிறதே? வீடு வீடாகப் போகும் சர்வே எதற்கு?

எமிஸ் நல்ல தொடக்கம், ஆனால் அது பள்ளிக்கூடம் பார்க்கிற கணக்கு. ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் அவள் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. அடுத்த பள்ளி அங்கிருந்து பெயரை இழுத்துக்கொள்ள வேண்டும். யாரும் இழுக்காத பெயர்களை "இடைநின்றவர்கள்" என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிழை வரும். அப்பா அம்மாவோடு பெங்களூருக்குப் போய் அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்த பிள்ளையும் பூலிலேயே கிடப்பாள், ஏனென்றால் அது வேறு மாநிலம். மறுபக்கம், பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆள் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பாள். அவள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள்.

அதனால் "இடைநிற்றல்" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முறையியலின் முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள். என் பரிந்துரை: எட்டாம் வகுப்பு முடித்தவள், கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தைய மூன்று மாதமாக எந்தப் பள்ளிக்கும் போகவில்லை, பெயர் எங்கே இருந்தாலும் சரி. மூன்று மாதம் என்பது நான் வைக்கிற அளவு, நீங்கள் வேறு வைக்கலாம், ஆனால் ஒன்றை வைத்து எழுதிவிட வேண்டும். வீட்டில் கேட்டதையும் பதிவேட்டில் இருப்பதையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒப்பிட்டு, எத்தனை பேருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு அட்டவணை கொடுங்கள். தேர்வாளர்கள் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

சர்வேயிலேயே "ஏன் நின்றாய்?" என்று ஒரு கேள்வி, பத்து விடைகள், டிக் அடித்தால் ஆயிற்று. பேட்டி எதற்கு?

கலப்பு முறைக்கான உண்மையான நியாயம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் நான் முன்சோதனைக்குப் போன வீடு ஒன்று. திண்ணையில் அம்மா, பக்கத்தில் மகள், நடுவில் புளிக் குவியல். மகள் கையில் சின்னக் கட்டை, புளியைத் தட்டி ஓட்டையும் கொட்டையையும் பிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில். ஏன் நின்றுவிட்டாள் என்றதும் "அவளுக்குப் படிப்பு ஏறலைங்க சார், அவளே போகமாட்டேன்னுட்டா" என்றார். மகள் நிமிரவில்லை. படிவத்தில் "படிப்பில் ஆர்வமில்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் என்னோடு வந்த பெண் களப்பணியாளர் அந்தப் பிள்ளையோடு குழாயடிக்குப் போய் வந்தார். அவள் சொன்னது வேறு கதை. எட்டாவது முடிந்த கோடையில் அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூர் போயிருக்கிறார். தம்பியை இவள்தான் பார்த்துக்கொண்டாள். ஜூனில் திறந்த பள்ளிக்கு ஆகஸ்டில்தான் போக முடிந்தது. "இத்தனை நாள் எங்க போயிருந்தன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டாங்க. கணக்குல ஒண்ணும் புரியல. நாலு நாள் போனேன். அப்புறம் நானே போகல."

அம்மா பொய் சொல்லவில்லை. "அவளே போகமாட்டேன்னுட்டா" என்பது நடந்ததுதான். ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. இடம்பெயர்ந்த வேலை, தம்பி, தவறிப்போன இரண்டு மாதப் பாடம், வகுப்பில் பட்ட அவமானம், எல்லாம் சேர்ந்து ஒரே கட்டத்தில் ஒரே டிக்காகச் சுருங்கிவிட்டது. வீட்டுவாரியான கணக்கெடுப்புகளில், தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று உட்பட, "ஆர்வமில்லை", "வீட்டு வேலை", "திருமணம்" என்பவை தனித்தனிக் காரணங்களாக வருகின்றன. களத்தில் அவை ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறவை. கூடவே, பதில் சொல்கிறவர் பெரும்பாலும் பெரியவர், பிள்ளை அல்ல.

ஆக உங்கள் வாதம் இப்படி வரும்: யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை எண் சொல்லும். காரணங்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தன என்பதை டிக் அடிக்கும் கட்டம் சொல்லாது. வரிசை தெரியாவிட்டால் எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பதும் தெரியாது.

முதலில் சர்வேயா, முதலில் பேட்டியா, இல்லை இரண்டும் ஒரே நேரத்திலா?

இந்தக் களத்துக்கு நான் முதலில் சர்வே, பிறகு பேட்டி என்பேன். விளக்கத் தொடர் வடிவமைப்பு என்று எழுதுவார்கள். அதாவது எண் காட்டிய புதிரைப் பேட்டி அவிழ்க்கும். பேட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைச் சர்வே முடிவுதான் தீர்மானிக்க வேண்டும், அதனால் இந்த வரிசை. உங்கள் பகுதியைப் பற்றி ஏற்கெனவே ஒன்றுமே தெரியாது, என்ன கேட்பது என்றே தெரியாது என்றால் வரிசையைத் திருப்பி, பேச்சிலிருந்து கேள்வித்தாளை உருவாக்கலாம். உதாரணமாக, மலைக் கிராமப் பழங்குடிப் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை. தொடர் வடிவமைப்பு என்று அத்தியாயத்தில் எழுதிவிட்டு, மறுபடி வர பஸ் செலவாகுமே என்று சர்வே எடுத்த அன்றே பேட்டியும் எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. பின்னிணைப்பில் இருக்கும் தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண்களை அலசி முடிக்கும் முன்பே பேட்டிகள் முடிந்திருக்கும், அப்புறம் எந்த முடிவை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

அதே சமயம் இடைவெளி நீளவும் கூடாது. இந்த வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பாள், அல்லது நூற்பாலை விடுதியில் இருப்பாள். நீங்கள் பார்க்க வேண்டியவளே கையை விட்டுப் போவாள், வீட்டில் இருக்கிறவள் மட்டும் மாட்டுவாள். இரண்டு, மூன்று மாதத்துக்குள் திரும்பிப் போகும்படி திட்டமிடுங்கள். சர்வேயின்போதே, பெற்றோர் அனுமதியோடு, தொடர்புக்கு ஒரு உறவினர் எண்ணையும் வாங்கிவையுங்கள்.

சர்வேக்கு எத்தனை பேர்? 384 என்று எல்லாரும் போடுகிறார்களே, நானும் போடலாமா?

போடாதீர்கள். அந்த எண் நின்றவர்கள் 50 சதவீதம் என்ற அனுமானத்திலும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தோம் என்ற அனுமானத்திலும் வருகிறது. நீங்கள் ஊர் ஊராகப் போய் ஒரு ஊரில் 20 பேரைப் பார்க்கிறீர்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே பஸ், ஒரே பள்ளி. 20 பேரைப் பார்த்தாலும் 20 தனித் தகவல் கிடைப்பதில்லை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்சோதனையில் ஐந்தில் ஒருத்தி நின்றிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் (இது கணக்குக்காக வைத்த எண்தான், மாவட்டத்தின் நிலவரம் அல்ல):

```
n = z²pq / d² = 1.96² × 0.20 × 0.80 / 0.05² ≈ 246
deff = 1 + (m − 1)ρ = 1 + (20 − 1) × 0.05 = 1.95
246 × 1.95 ≈ 480
480 / 0.90 ≈ 533
```

முதல் வரியில் p நின்றவர்களின் பங்கு, q மீதிப் பங்கு, d நாம் ஏற்கும் பிழை அளவு, z 95 சதவீத நம்பிக்கைக்கான எண். இரண்டாம் வரி ஊர் ஊராக எடுப்பதற்கான பெருக்கி: m ஊருக்கு எத்தனை பேர், ρ ஒரே ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதற்கு வைத்த அளவு. கடைசி வரி, பத்தில் ஒருவர் பதில் தராமல் போனால் என்பதற்கு. 27 ஊர், ஊருக்கு 20 பேர் என்றால் 540. பத்தில் ஒருவர் பதில் தராமல் போனால் கையில் 486 பேர், அதில் சுமார் 97 பேர் நின்றவர்கள். நிற்கும் வாய்ப்பைக் காரணிகளை வைத்துக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து நிகழ்வு என்ற பழைய கைக்கணக்குப்படி பார்த்தால் ஒன்பது காரணிக்கு மேல் போடக் கூடாது. கேள்வித்தாளில் நாற்பது கேள்வி இருப்பதால் நாற்பதையும் இந்தப் புள்ளியியல் மாதிரிக்குள் தள்ளுவது பெரிய தவறு.

வயதையும் கவனியுங்கள். 10 முதல் 19 வரை வளரிளம் பருவம் என்பதால் எல்லாரையும் சேர்த்துவிடுகிறார்கள். 12 வயதுப் பிள்ளை இன்று பள்ளியில் இருக்கிறாள் என்பதால் அவள் "நிற்காதவள்" ஆகிவிடமாட்டாள், அந்தப் படி அவளுக்கு இன்னும் வரவில்லை. 15 முதல் 17 என்று நான் வைத்தது அதற்காகத்தான்.

பேட்டிக்கு யாரை எடுப்பது? இடைநின்ற பிள்ளைகள் இருபது பேர் என்று எழுதியிருக்கிறேன்.

நின்றவர்களை மட்டும் பார்த்தால் எல்லா வீட்டிலும் வறுமை இருக்கும், நீங்களும் வறுமைதான் காரணம் என்று எழுதுவீர்கள். ஆனால் அதே வறுமையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாளே, அவளை யார் கேட்பது?

சர்வேயை வைத்துக் கட்டிய புள்ளியியல் மாதிரி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நிற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண் தரும். அதை வைத்து நாலு கூட்டமாகப் பிரிக்கலாம். நிற்பாள் என்று கணித்தோம், நின்றாள். நிற்கமாட்டாள் என்று கணித்தோம், நிற்கவில்லை. இந்த இரண்டிலும் நாலு நாலு பேர் போதும், எண் சொன்னது களத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க. மற்ற இரண்டும்தான் முக்கியம்: எல்லா ஆபத்தும் இருந்தும் படித்துக்கொண்டிருப்பவள், எந்த ஆபத்தும் தெரியாமல் நின்றுபோனவள். இவர்களில் எட்டு எட்டு பேர். நம் கேள்வித்தாள் எதைக் கேட்கத் தவறியது என்பது இவர்களிடம்தான் இருக்கிறது. மொத்தம் 24. இவர்களில் பாதிப் பேருடைய அம்மாவையும் தனியாகப் பாருங்கள், மேலே சொன்ன திண்ணைக் கதைக்காகவே.

இந்தத் தேர்வு முறையை எழுதிவிட்டால் சர்வேக்கும் பேட்டிக்கும் இடையே ஒரு முடிச்சு விழுந்துவிடும். அது இல்லாத ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயம் ஒரு ஆய்வு, ஐந்தாம் அத்தியாயம் இன்னொரு ஆய்வு, இரண்டையும் பைண்டிங் மட்டும்தான் சேர்த்து வைத்திருக்கும்.

சர்வே ஒன்று சொல்லி, பேட்டி வேறு சொன்னால் எதை நம்புவது?

முரண்பட்டால் பயப்படாதீர்கள், அதைத் தேய்த்து மழுப்பாதீர்கள். ஒரு உதாரணம். உயர்நிலைப்பள்ளியின் தூரம் கூடக் கூட நிற்பதும் கூடுகிறது என்று சர்வே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டியில் பிள்ளைகள் தூரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. "கூட வர ஆள் இல்ல" என்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் ஊரிலிருந்து நாலு பேராகப் போகிறவர்கள் தொடர்கிறார்கள், மூன்று கிலோமீட்டர் ஊரில் தனியாளாக இருந்தவள் நின்றுவிட்டாள்.

இப்போது செய்ய வேண்டியது, மறுபடி எண்ணுக்குத் திரும்புவது. சர்வேக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் வீட்டுப் பட்டியல் எடுத்தீர்கள் அல்லவா? அதில் ஒரே தெருவில், ஒரே வகுப்பு வயதில் எத்தனை பெண் பிள்ளைகள் என்பது இருக்கும். அதை ஒரு காரணியாகச் சேர்த்து மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள். தூரத்தின் வலு குறைந்தால், தூரம் என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு துணையில்லாமை என்று சொல்ல இடம் உண்டு. குறையாவிட்டால், துணை என்பது பிள்ளைகள் தங்கள் நிலையைச் சொல்கிற விதம், தூரம் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது என்று எழுதலாம். இரண்டுமே கண்டுபிடிப்புதான். ஆனால் ஒன்று, பேட்டிக்குப் பிறகு சேர்த்த காரணி என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். முதலிலிருந்தே நினைத்திருந்ததுபோல் காட்டாதீர்கள்.

முடிவுகளை ஒரு இணைப்பு அட்டவணையில் வையுங்கள். இடது பக்கம் சர்வே சொன்னது, அடுத்து பேட்டி சொன்னது, மூன்றாவது பத்தியில் இரண்டையும் சேர்த்து நீங்கள் எடுக்கும் முடிவு. மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாத வரிகளை விட்டுவிடாதீர்கள், "விளங்கவில்லை" என்றே போடலாம்.

எல்லாரும் 18 வயதுக்குக் கீழே. ஒப்புதல் எப்படி வாங்குவது? ஒருத்திக்குக் கல்யாணமே ஆகியிருந்தால்?

பெற்றோரின் ஒப்புதல் ஒன்று, பிள்ளையின் இசைவு தனியாக இன்னொன்று. அம்மா கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம். பேட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், ஆனால் ஊர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்: அங்கன்வாடித் திண்ணை, கோயில் மரத்தடி. பேசுகிறவர் பெண்ணாக இருக்கட்டும்.

கல்யாணம் ஆன 16 வயதுப் பிள்ளை என்றால் விஷயம் கனமாகிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மனைவி என்றாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் விலக்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அதனால் "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை உங்களால் தர முடியாது, தரவும் கூடாது. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். சொன்ன வாசகத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள். நெறிமுறைக் குழுவிடம் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, யாரிடம் தெரிவிப்பது என்ற வழியையும் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எழுதிய சீட்டு எல்லாப் பிள்ளைகளிடமும் போகட்டும், ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் அதுவே ஊருக்கு அடையாளமாகிவிடும்.

இதனால் சிலர் பேசாமல் போவார்கள். அதை ஆய்வின் வரம்புகள் பகுதியில் எழுதுங்கள்: திருமணத்தால் நின்றவர்களின் குரல் இந்த ஆய்வில் குறைவாகவே கேட்கிறது என்று.

எண் மட்டுமே போதும் என்ற நிலை இந்தத் தலைப்பில் உண்டா?

உண்டு. பிகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தரத் தொடங்கினார்கள். அது சேர்க்கையைக் கூட்டியதா என்ற கேள்வியை முரளிதரன், பிரகாஷ் இருவரும் பக்கத்து ஜார்க்கண்டோடும், ஆண் பிள்ளைகளோடும் ஒப்பிட்டு எண்ணாலேயே தீர்த்தார்கள். பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்பது அவர்கள் கண்ட விடை. "கூடியதா, எவ்வளவு" என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் கலப்பு முறைக்குப் போகாதீர்கள், உழைப்பு இரண்டு மடங்காகும்.

கடைசியாக, அந்த நியாயப் பத்தியை ஒரு தடவை எழுதிக் காட்ட முடியுமா?

இதை அப்படியே எடுக்காமல் உங்கள் களத்துக்கு மாற்றி எழுதுங்கள்:

"எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளில் யார் ஒன்பதாம் வகுப்பைத் தொடரவில்லை என்பதை 27 ஊர்களில் 540 பேரிடம் எடுக்கும் வீட்டுவாரிக் கணக்கெடுப்பு காட்டும். ஆனால் இடைநிற்றலுக்கான காரணத்தை ஒற்றை விடையாகப் பெறுவது, அதுவும் பெரும்பாலும் பெற்றோரிடம் பெறுவது, காரணங்கள் சேர்ந்துவந்த வரிசையை மறைத்துவிடுகிறது என்பது முன்சோதனையில் தெரிந்தது. எனவே கணக்கெடுப்பின் கணிப்புக்குப் பொருந்திய 8 பேரும் பொருந்தாத 16 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் ஆழ்நேர்காணல் செய்யப்படுவர். நேர்காணலில் எழும் புதிய காரணிகளில் வீட்டுப் பட்டியலிலிருந்து அளக்கக்கூடியவை மீண்டும் புள்ளியியல் மாதிரியில் சோதிக்கப்படும். அவை பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்று தனியே குறிக்கப்படும்."